எடை குறைந்த பிறகு தொங்கும் வயிற்றுத் தோல்: எது மாறும், எது அப்படியே இருக்கும்

"அக்கா, எனக்கு 36 வயது, அக்கரைப்பற்று. இரண்டு பிள்ளைகள், இரண்டாவது சிசேரியன். சீனி வருத்தம் என்று சொன்ன பிறகு 14 மாதத்தில் 96 கிலோவிலிருந்து 68க்கு வந்திருக்கிறேன். இப்ப வயிற்றுத் தோல் பை மாதிரித் தொங்குகிறது. கையிலும் தொடையிலும் வெள்ளைக் கோடுகள். மடிப்புக்குள் கடியும் இருக்கு. மச்சாள் ஒரு கிறீம் வாங்கித் தந்தாள், பூசலாமா? அவர் மூன்று மாதத்தில் கட்டாரிலிருந்து வருகிறார். கண்ணாடி பார்க்கவே மனம் வரவில்லை."

தங்கச்சி, அந்தக் கிறீமைப் பூச வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன். அதற்கு முதல் மடிப்புக்குள் இருக்கிற கடியைப் பார்ப்போம். நீங்கள் எழுதியிருப்பதில் வருத்தம் என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான், அது மாறக்கூடியதும்கூட. தோல் தொங்குவதும் கோடுகளும் வருத்தம் இல்லை.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் 31 வருடம் குடும்ப நல மாதுவாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்ப் போய் எத்தனை வயிற்றைப் பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

தோல் தோலோடு ஒட்டிக் கிடக்கிற இடத்தில் வியர்வை காய வழி இல்லை. ஈரமும் சூடும் உரசலும் சேர்ந்தால் மேல்தோல் ஊறிப் புண்ணாகும். அதில் பூஞ்சணம் குடியேறும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அது இன்னும் சுலபமாக வரும். நம்முடைய கச்சான் காற்றுக் காலத்தில், ஆனி ஆடி மாதங்களில், மத்தியானம் உடம்பு எப்படி ஊற்றும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு அம்மாவைப் பார்க்கப் போனது நினைவுக்கு வருகிறது. அவவுக்கு 48 வயது, அவவும் 30 கிலோ அளவு குறைந்தவ. நான் போனது மகளின் பிரசவத்துக்கு. மகள்தான் என்னை அறைக்குள் கூப்பிட்டு, "மிஸ்ஸி, அம்மாவில ஒரு மணம் வருது, கேட்டால் கோபப்படுறா" என்றாள். அந்த அம்மாவைப் படுக்க வைத்து வயிற்று மடிப்பைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே குழந்தைப் பவுடர் குழைத்த சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக் கிடந்தது. அதைத் துடைத்தபோது கீழே தோல் செக்கச்செவேல் என்று, நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு வெடித்து, ஓரங்களில் சின்னச் சின்னப் பருக்களோடு இருந்தது. மூன்று மாதமாகக் கடித்ததாம். ஈரத்தை உறிஞ்சும் என்று நம்பி ஒவ்வொரு நாளும் பவுடர் போட்டிருக்கிறா. பவுடர் வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி, உரசி, இன்னும் மோசமாக்கியிருக்கிறது. ஒருவருக்கும் காட்ட வெட்கம்.

அவவுக்கு டொக்டர் கொடுத்தது குளோட்ரிமசோல் கிறீம். விலை கூடிய மருந்து இல்லை. காலையும் இரவும் மெல்லிதாகப் பூசச் சொன்னார். மருந்தைவிட முக்கியம் நான் சொல்லிக் கொடுத்த மற்ற வேலை என்று இன்றும் நினைக்கிறேன். மடிப்பைத் தூக்கிச் சாதாரணத் தண்ணீரால், வாசமில்லாத சோப் கொஞ்சம் போட்டுக் கழுவ வேண்டும். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு படுத்து, மடிப்பைக் கையால் தூக்கிப் பிடித்தபடி ஃபேனுக்குக் கீழே பத்து நிமிடம். முழுக்கக் காய்ந்த பிறகுதான் மருந்து. ஈரத்தில் பூசினால் பூசாததற்குச் சமம். கடைசியாக, துவைத்துத் துவைத்து மென்மையான பழைய பருத்திச் சாரத்தில் நீளமாக ஒரு துண்டு கிழித்து மடிப்புக்குள் வைக்க வேண்டும். துண்டின் இரண்டு நுனியும் மடிப்புக்கு வெளியே வரவேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கிற ஈரத்தை இழுத்து வெளியே காயவிடும். நனைந்ததும் மாற்ற வேண்டும். பகலில் மூன்று நான்கு தரம் மாற்றினா.

நாலாம் நாள் கடி குறைந்தது. பத்து நாளில் வெடிப்பு மூடியது. மூன்றாம் கிழமை தோல் ஆறியிருந்தது, ஆனால் அந்த இடம் முழுக்கக் கறுத்துப் போயிருந்தது. "இது போகாதா?" என்று பயந்தா. நம்முடைய நிறத் தோலில் எந்தப் புண் ஆறினாலும் கொஞ்சக் காலம் கறுப்பு நிற்கும். மாதக் கணக்கில் மெல்ல மங்கும். அதைத் தேய்த்தால் கூடும். ஆறின மாதிரித் தெரிந்த பிறகும் இன்னும் ஒன்றிரண்டு கிழமை மருந்தைத் தொடர்வது நல்லது. பாதியில் விட்டால் திரும்ப வரும். துணித் துண்டு வைப்பதை அந்த அம்மா இன்றும் கைவிடவில்லை.

நீங்களும் ஒரு கைக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். சிவப்போ கறுப்போ, ஈரமாக, ஓரத்தில் சின்னப் பருக்களோடு இருந்தால் பெரும்பாலும் பூஞ்சணம்தான். ஆனாலும் சீனி இருக்கிறபடியால் நீங்களாக மருந்து தொடங்காமல், அடுத்த கிளினிக் நாளில் டொக்டரிடம் மடிப்பைத் தூக்கிக் காட்டுங்கள். அன்றைக்குச் சீனி எவ்வளவு என்றும் கேளுங்கள். சீனி கூடி நின்றால் எந்த மருந்தும் சரியாக வேலை செய்யாது. அந்த இடம் சூடாகி, நோவெடுத்து, சிவப்பு நாளுக்கு நாள் பரவி, காய்ச்சலும் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிருமி தோலுக்கு அடியில் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

இப்ப அந்தக் கிறீம். மச்சாள் அன்பில்தான் தந்திருப்பாள், அவளோடு கோபப்பட வேண்டாம். ஆனால் பெயர் ஒட்டாத சின்ன டப்பாவில் வருகிற வெள்ளையாக்கும் கிறீம்களிலும், "கடிக்கு நல்லது" என்று கவுண்டரில் தருகிற சில குழாய்களிலும் ஸ்டீரொயிட் கலந்திருக்கும். குழாயில் பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் என்ற பெயர்களைப் பாருங்கள். பெயரே எழுதாத டப்பா என்றால் அதைவிட மோசம், உள்ளே என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. ஸ்டீரொயிட் பூசினால் கடி இரண்டு நாளில் நிற்கும். அதனால்தான் ஆட்கள் அதை நம்புகிறார்கள். நின்றது கடி மட்டும்தான். பூஞ்சணம் கீழே பரவிக்கொண்டிருக்கும். அதோடு ஸ்டீரொயிட் தோலை மெல்லிதாக்கும். கமக்கட்டு, கவடு, மார்புக்குக் கீழே, வயிற்று மடிப்பு ஆகிய இடங்களில் தோல் ஏற்கெனவே மெல்லிது, மூடியும் இருப்பதால் மருந்து கூடுதலாக உறிஞ்சப்படும். அங்கே கிழமைக் கணக்கில் பூசினால் புதிதாகக் கோடுகள் வரும். ஆம், கோட்டைப் போக்க வாங்கின கிறீமே கோட்டைக் கொண்டுவரும். 19 வயதுப் பிள்ளை ஒருத்தி, ஒல்லி உடம்பு, தொடை மடிப்பில் விரல் அகலத்துக்குச் சிவந்த கோடுகளோடு என்னிடம் வந்தாள். ஒரு நாளும் எடை கூடினவள் இல்லை. படைக்கு என்று எட்டு மாதம் ஒரு குழாய் பூசியிருக்கிறாள். அந்தக் கோடுகள் நிறம் மங்கின, மறையவில்லை. நீங்கள் ஏற்கெனவே கொஞ்ச நாள் பூசியிருந்தால் அந்த டப்பாவையே டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சரி, வயிற்றுக்கு வருவோம். "பை மாதிரி" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பைக்குள் மூன்று வேறு வேறு சங்கதிகள் இருக்கலாம். எல்லாவற்றையும் "தொங்கும் தோல்" என்று நினைத்துக்கொண்டால், மாறக்கூடியதை விட்டுவிட்டு மாறாததோடு மல்லுக்கட்டுவோம்.

நின்றபடி தொப்புளுக்குக் கீழே இரண்டு விரலால் கிள்ளித் தூக்குங்கள். மெல்லிய சீலை மடிப்பு மாதிரி வந்தால் அது தோல். தடிப்பாக, பஞ்சு மாதிரி வந்தால் தோலுக்குக் கீழே இன்னும் கொழுப்பு இருக்கிறது. உங்கள் உயரம் தெரியவில்லை. 155 சென்றிமீற்றர் என்று வைத்தால், 68 கிலோவில் உடல் நிறைச் சுட்டெண் 28க்குக் கொஞ்சம் மேலே வரும். அப்படியென்றால் கொழுப்பும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், இனியும் மெல்லக் குறையலாம். இது உங்களைக் குறை சொல்வதற்கு இல்லை. தொங்குவது முழுக்கத் தோல்தான் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம் என்பதற்குத்தான்.

அடுத்தது தசை. வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு தசைப்பட்டைகள் இருக்கின்றன. கர்ப்பத்தில் அவை விலகும், சிலருக்குத் திரும்பச் சேராது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். விரல்களைத் தொப்புளுக்கு மேலே குறுக்காக வைத்து, தலையை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். இரண்டு பக்கத்திலும் தசை இறுகும்போது நடுவில் எத்தனை விரல் உள்ளே இறங்குகிறது? இரண்டு விரலுக்கு மேல் என்றால் விலகல் இருக்கிறது. தொப்புளுக்குக் கீழேயும் அப்படியே பாருங்கள். இப்படி விலகல் உள்ளவர்களுக்கு மெலிந்த பிறகும் பின்நேரம் ஆக ஆக வயிறு முன்னுக்குத் தள்ளும், நான்கு மாதமா என்று ஆட்கள் கேட்பார்கள். எந்தக் கிறீமும் அதைத் தொடாது. அதற்கு ஆஸ்பத்திரியில் பிசியோ பிரிவில் இருப்பவர்கள், மூச்சோடு சேர்த்து ஆழ்தசையை இறுக்குகிற பயிற்சிகள் சொல்லித் தருவார்கள். எழும்பி எழும்பிப் படுக்கிற பயிற்சியை நீங்களாகத் தொடங்க வேண்டாம், விலகல் உள்ளபோது அது வயிற்றைக் கூம்பாக வெளியே தள்ளும். இருமும்போது தொப்புளடியிலோ வெட்டின இடத்திலோ ஒரு கட்டி புடைத்து வந்து, படுத்தால் உள்ளே போனால், அது குடலிறக்கமாக இருக்கலாம். அதை டொக்டர் பார்க்க வேண்டும்.

சிசேரியன் வெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் மடிப்பு சரியாக வெட்டுத் தழும்புக்கு மேலேதான் ஆரம்பிக்கிறதா? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். தழும்பு கீழே உள்ள இழையங்களோடு ஒட்டி, கயிறு கட்டின மாதிரி உள்ளுக்கு இழுத்து நிற்கும். அதற்கு மேலே உள்ள தளர்ந்த தோல் அதன்மேல் வந்து விழும். சிசேரியன் ஆன மெல்லிய பெண்களுக்கும் இந்தத் தட்டு இருக்கும். நீங்கள் ஏதோ பிழையாகச் செய்ததால் வந்தது இல்லை. எனக்கும் ஒரு வெட்டு இருக்கிறது, அந்தக் காலத்து நெடுக்கு வெட்டு, தொப்புளுக்குக் கீழே நேராக. ஒரு வருடம் அது தடித்து, சிவந்து, மழைக்காலத்தில் கடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் வருடம் தானாகத் தணிந்து தட்டையாகியது. தழும்புகள் அப்படித்தான் ஆறும், முழுக்க ஆற ஒன்று, ஒன்றரை வருடம்கூட எடுக்கும். வெட்டின எல்லையைத் தாண்டி நண்டுக்கால் மாதிரி வளர்ந்துகொண்டே போனால் அது வேறு வகை. அதற்குத் தோல் கிளினிக்கில் சிலிக்கன் ஒட்டுத்தாளும், தழும்புக்குள் போடுகிற ஊசியும் இருக்கின்றன. அதை வெட்டி எடுக்கச் சொல்லி அவசரப்பட வேண்டாம், வெட்டினால் முன்னையதைவிடப் பெரிதாக வரக்கூடும்.

மிஞ்சுவது தோல். அது ஏன் திரும்பச் சுருங்கவில்லை?

புதுப் பாவாடையின் இலாஸ்டிக்கை ஒரு தரம் இழுத்து விட்டால் பழைய அளவுக்கு வந்துவிடும். அதே இலாஸ்டிக்கைப் பத்து வருடம் இழுத்த நிலையில் கட்டிவைத்து அவிழ்த்துப் பாருங்கள். தோலின் நடு அடுக்கில் இரண்டு வகை நார்கள் இருக்கின்றன. கொலாஜன் என்கிற உறுதியான நார், இலாஸ்டின் என்கிற இழுபடும் நார். தோலைத் திரும்ப இழுத்து வைப்பது இலாஸ்டின். அதை உடம்பு பெரும்பாலும் கருவிலும் சிறு வயதிலும்தான் நெய்கிறது. வளர்ந்த பிறகு அறுந்ததைச் சரியாக மாற்றி நெய்ய அதனால் முடிவதில்லை. எவ்வளவு காலம் இழுபட்டது, எவ்வளவு தூரம் இழுபட்டது, எத்தனை வயது, எத்தனை கர்ப்பம், புகைத்தல், வெயில், பிறவியில் வந்த தோல் வகை, இவைதான் மிச்சத்தைத் தீர்மானிக்கின்றன.

"அவசரப்பட்டுக் குறைத்ததால்தான் தொங்குது" என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். கணக்குப் பாருங்கள். 14 மாதத்தில் 28 கிலோ, மாதத்துக்கு 2 கிலோ. அது நிதானமான குறைவு. நீங்கள் இதைவிட மெதுவாகக் குறைத்திருந்தாலும் 28 கிலோவைச் சுற்றி இருந்த தோல் அவ்வளவும்தான். அந்தச் சொல்லை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

காலம் கொஞ்சம் உதவும். எடை ஓரிடத்தில் நின்ற பிறகு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை தோல் மெல்லச் சுருங்கும். முழுக்க இல்லை, ஒரு பங்கு. கையிலும் தொடையிலும் தசை வளர்ந்தால் அந்த இடத்தைக் கொஞ்சம் நிரப்பும். தண்ணீர் நிரப்பின போத்தல் இரண்டைத் தூக்கி இறக்குவதில் தொடங்கலாம். மீனும் முட்டையும் பருப்பும் ஒவ்வொரு நேரமும் தட்டில் இருக்கட்டும். மெலிய வேண்டும் என்று சோற்றோடு சேர்த்து மீனையும் குறைக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குக் கொழுப்போடு தசையும் கரையும். வயிற்றைச் சுற்றி இறுக்குகிற பட்டி, அதைக் கட்டியிருக்கும் நேரம் மட்டும் தூக்கிப் பிடிக்கும். நடக்க வேலை செய்ய அது வசதி என்றால் பருத்தியில் ஒன்று அணியலாம். தோலைச் சுருக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம். மடிப்பில் புண் ஆறும்வரை அதையும் போட வேண்டாம்.

வெள்ளைக் கோடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மேல்தோல் கிழியாமல் நடு அடுக்கு கிழிந்து ஆறின தழும்புகள் அவை. வந்த புதிதில் சிவப்பாகவோ, ஊதாவாகவோ, நம் நிறத்தில் கடுங்கபிலமாகவோ இருக்கும். பிறகு வெளிறி, தொட்டால் சற்றே பள்ளமாகத் தெரியும். உங்களுடையவை வெள்ளையாகிவிட்டன என்றால் ஆறி முடிந்துவிட்டன. மேலே பூசுகிற தேங்காயெண்ணெய், ஒலிவ் எண்ணெய், கொக்கோ கொழுப்பு எதுவும் அந்த ஆழத்துக்கு வேலை செய்யாது. கர்ப்ப காலத்தில் பூசினால் வராமல் தடுக்குமா என்பதைப் பற்றி நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012இல் கொக்ரேன் குழு வெளியிட்ட முடிவும், தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்பதுதான். தோல் வறண்டு கடித்தால் எண்ணெய் பூசுங்கள், அதற்கு நல்லது. புதுக் கோடுகளுக்கு வைட்டமின் ஏ வகைக் கிறீம் ஒன்று டொக்டர் எழுதுவதுண்டு, பிள்ளை உண்டாகும் எண்ணம் இருந்தால் அதைத் தொடக் கூடாது. லேசர் பல தரம் செய்ய வேண்டும், பணம் போகும், மங்கச் செய்யுமே தவிர அழிக்காது, நம் நிறத்துக்குக் கருந்திட்டு வருகிற ஆபத்தும் உண்டு. உங்கள் நிலையில் நான் ஒரு சதமும் செலவழிக்க மாட்டேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எடை கூடாமலே, ஒரு சென்றிமீற்றரிலும் அகலமாக, கடும் ஊதா நிறத்தில் புதுக் கோடுகள் வந்து, முகம் வட்டமாகி, சும்மா தட்டுப்பட்டாலே கண்டிப்போய், படியேற முடியாமல் தொடை பலமிழந்தால் உடனே காட்ட வேண்டும். உடம்பில் ஸ்டீரொயிட் அளவு கூடியிருக்கலாம். உங்கள் வெள்ளைக் கோடுகள் அந்த வகை இல்லை.

சத்திரசிகிச்சை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கட்டாயம் சொல்வார்கள். மிஞ்சிய தோலை வெட்டி எடுக்கலாம், உண்மை. அதற்குப் பதிலாக ஒரு இடுப்பெலும்பிலிருந்து மற்ற இடுப்பெலும்பு வரை ஒரு நீளத் தழும்பு வரும். கிழமைக் கணக்கில் பாரம் தூக்க முடியாது, கைக்குழந்தையையும்தான். தையலுக்குக் கீழே நீர் கட்டலாம், கிருமி பிடிக்கலாம், காலில் இரத்தம் கட்டலாம், சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஆறாது. எடை ஆறு மாதமாவது ஒரே இடத்தில் நிற்கவேண்டும், இனிப் பிள்ளை வேண்டாம் என்ற முடிவும் இருக்கவேண்டும். எனவே அவர் வருவதற்குள் என்ற கணக்கில் அதைச் செய்யவே முடியாது. மடிப்பில் புண் ஆறி ஆறித் திரும்ப வந்துகொண்டே இருந்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை, மருத்துவக் காரணம். அப்போது தோல் கிளினிக்கில் சொல்லுங்கள், எங்கே அனுப்புவது என்று அவர்கள் பார்ப்பார்கள்.

இப்ப கண்ணாடி.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வளவில் ஒரே கிணறு. மாமிமாரும் பெரியம்மாவும் அம்மம்மாவும் குறுக்குக்கட்டோடு நின்று குளிப்பார்கள். வாளியை இழுக்கும்போது அம்மம்மாவின் மேல்கைத் தோல் ஆடும். மாமியின் கமக்கட்டுக்கு முன்னால் மீன் செதில் மாதிரி மினுங்குகிற கோடுகள் இருந்தன. நனைந்த துணிக்குள் ஒவ்வொருவரின் வயிறும் ஒவ்வொரு விதமாக இறங்கியிருந்தது. பெண்ணுடம்பு என்றால் இப்படித்தான் என்று ஒருவரும் சொல்லித் தராமலே எனக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு வீட்டுக்கு வீடு கதவு பூட்டிய குளியலறை. நல்லதுதான், எனக்கும் அது வேண்டும். ஆனால் உங்கள் வயதுப் பிள்ளைகள் இன்னொரு பெண்ணின் உடம்பைப் பார்ப்பது போனில் மட்டும், அதுவும் திருத்தின படத்தில். அதனால் உங்கள் வயிற்றை ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் உண்மையான வயிறு ஒன்றுகூட இல்லை.

என்னிடம் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது கோடு இல்லாத வயிறுதான் குறைவு. ஆசிரியைகள், வயலுக்குப் போகிறவர்கள், வங்கியில் வேலை செய்கிறவர்கள், மெலிந்தவர்கள், பருத்தவர்கள், எல்லாருக்கும் இருந்தது. எல்லாரும் சீலையை இழுத்து மூடிக்கொண்டு, "எனக்கு மட்டும் ஏன் மிஸ்ஸி இப்படி?" என்று தனித்தனியாக என்னிடம் கேட்டார்கள். பக்கத்து வீட்டில் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வந்த நான் அதை அவர்களுக்குச் சொல்லக் கூடாது, தொழில் முறை அப்படி. பெயர் சொல்லாமல் இப்போது சொல்கிறேன். தோணி தள்ளுகிற இளம் பையன்களின் நாரியில் குறுக்காக இருக்கும் கோடுகளும் அதேதான், ஒரே வருடத்தில் உயரம் கூடினபோது வந்தவை. நம் கரையில் சுனாமித் தகரம் வெட்டின காலும், செல் துண்டு போன முதுகும் எத்தனை வீட்டில் இருக்கின்றன. அவற்றோடு ஆட்கள் கலியாணம் கட்டி, பிள்ளை வளர்த்து, கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அவர் வருவதைப் பற்றி. போன தடவை அவர் பார்த்த உடம்பு வேறு, இப்போது வேறு. அவர் வந்த இரவில் அதை முதன்முதலாகக் காட்டுவதாக வைத்துக்கொண்டால் அந்த மூன்று மாதமும் உங்களுக்கு நித்திரை வராது. போனில் முந்தியே சொல்லிவிடுங்கள். "28 கிலோ குறைந்ததால் வயிற்றுத் தோல் தளர்ந்து தொங்குது, கோடும் இருக்கு" என்று சாதாரணமாக, பிள்ளைகளின் படிப்பைச் சொல்வது மாதிரிச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பின கணவனுக்கு இதை மறைக்க விளக்கை அணைத்து, முழுக்கைச் சட்டையோடு படுத்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். தன்னை வேண்டாம் என்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மாதம் வீணாகப் போனது. கடைசியில் அவள் சொன்னபோது அவர் தன் காலைத் தூக்கிக் காட்டினாராம், வேலைத்தளத்தில் வெந்த தழும்பு, அவரும் அதைக் காட்டாமல் ஒளித்துத்தான் வைத்திருந்தார்.

கண்ணாடியை ஒரேயடியாகப் பார்க்கச் சொல்லமாட்டேன். மடிப்புக்கு மருந்து பூசுவதற்கு எப்படியும் நாளுக்கு இரண்டு தரம் பார்க்க வேண்டியிருக்கும். அதை மட்டும் செய்யுங்கள். புண் எவ்வளவு ஆறியிருக்கிறது என்று பாருங்கள், வேறு எதையும் தேட வேண்டாம். அந்தக் கொக்கட்டிச்சோலை அம்மாவும் அப்படித்தான் தொடங்கினா. மூன்றாம் கிழமை நான் போனபோது மடிப்பைத் தானே தூக்கி, "இஞ்ச பாருங்க மிஸ்ஸி, காய்ஞ்சிட்டு" என்று ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினா.

இந்தக் கிழமையே பழைய பருத்திச் சாரம் ஒன்றை அவித்துத் துவைத்துத் துண்டுகளாகக் கிழித்து வையுங்கள். கிளினிக் நாளில் டப்பாவையும் கொண்டுபோங்கள். வயது 35 தாண்டிவிட்டதால் எம்.ஓ.எச். ஒபிஸில் நடக்கிற வெல் வுமன் கிளினிக்குக்கும் போகலாம். அங்கே இருக்கும் மிஸ்ஸியிடம் தசை விலகலையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்து தொடங்கி இரண்டு கிழமையில் கடி குறையாவிட்டால் அதே மருந்தை இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம். திரும்பப் போய்க் காட்டுங்கள், எனக்கும் எழுதுங்கள்.